துளி சிறுத்தால் எண்ணும் சிறுக்கும்

வீட்டில் ரத்தச் சர்க்கரையை அளக்கும் குளுக்கோமீட்டர், தனக்குக் கிடைத்த ரத்தம் போதாதபோது இரண்டில் ஒன்றைச் செய்கிறது. பிழை என்று அறிவித்து, எண் எதையும் காட்ட மறுக்கிறது. அல்லது, உண்மையைவிடக் குறைவான ஓர் எண்ணைத் தயக்கமின்றிக் காட்டிவிடுகிறது. முதலாவது நிகழும்போது நமக்கு எரிச்சல் வருகிறது. ஒரு பட்டை வீணாயிற்றே என்று மனம் அடித்துக்கொள்கிறது. இரண்டாவது நிகழும்போது பெரும்பாலோர் மகிழ்ந்துபோகிறார்கள். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று வீட்டாரிடம் சொல்லிக்கொள்கிறார்கள். எரிச்சலும் மகிழ்ச்சியும் இங்கே இடம் மாறியிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

நான் மருத்துவன் அல்லன். முப்பதாண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன். அதில் பெரும்பகுதி, குடும்ப வருமானக் கணக்கெடுப்புகளில் நேரும் அளவீட்டுப் பிழைகளைப் பற்றியது. நீரிழிவு வந்த பிறகு, அதே கண்ணோடு இந்தச் சிறு கருவியையும் பார்க்கத் தொடங்கினேன். பட்டைகளோடு வரும் மெல்லிய தாளில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதை முழுவதும் படித்தேன். புரியாத இடங்களை வேதியியல் துறையில் இருந்த என் பழைய சக ஆசிரியரிடம் கேட்டுத் தெளிந்தேன். அப்படித் தெரிந்துகொண்டவற்றில் ஒன்றை மட்டும் இங்கே விளக்க முற்படுகிறேன்: ரத்தத் துளி சிறிதாக இருந்தாலோ தீற்றலாக இருந்தாலோ, எண் ஏன் பெரும்பாலும் கீழ்நோக்கியே பிறழ்கிறது?

இதற்குப் பட்டையின் உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய வேண்டும். இன்று கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான பட்டைகள் மின்வேதி முறையில் இயங்குபவை. விரல் நகத்தைவிடக் குறுகலான அந்த நெகிழித் துண்டின் முனையில், மேலும் கீழும் மூடிய ஒரு சிறு வாய்க்கால் இருக்கிறது. அதன் உயரம் ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிமன் அளவு. சில பட்டைகளில் சற்றுக் கூடுதல். வாய்க்காலின் ஒரு முனையில் ரத்தம் நுழையும் வாய். மறுமுனையில் உள்ளிருக்கும் காற்று வெளியேற ஒரு நுண்ணிய திறப்பு. வாய்க்காலின் தரையில் மின்முனைகள். அவற்றின் மேல் உலர்ந்த நிலையில் பூசப்பட்ட ஒரு நொதியும், எலெக்ட்ரான்களை ஏந்திச் செல்லும் இடைப்பொருள் ஒன்றும் இருக்கின்றன.

ரத்தம் வாயைத் தொட்டதும் தந்துகிக் கவர்ச்சியால் தானே உள்ளே ஏறுகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல. உலர்ந்த பூச்சு கரைகிறது. நொதி ரத்தத்திலுள்ள குளுக்கோஸை ஆக்சிஜனேற்றம் செய்து, அதிலிருந்து எலெக்ட்ரான்களைப் பறிக்கிறது. இடைப்பொருள் அவற்றை வாங்கி மின்முனையிடம் சேர்க்கிறது. கருவி ஒரு சிறு மின்னழுத்தத்தைக் கொடுத்து, குறித்த நொடியில் எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது என்று பார்க்கிறது. குளுக்கோஸ் மிகுந்தால் மின்னோட்டம் மிகும், குறைந்தால் குறையும். திரையில் நாம் காணும் எண், அந்த மின்னோட்டத்தின் மொழிபெயர்ப்பு.

இந்த மொழிபெயர்ப்பில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. மின்னோட்டம் குளுக்கோஸின் செறிவை மட்டும் பொறுத்ததன்று. ரத்தம் நனைத்திருக்கும் மின்முனையின் பரப்பளவையும் பொறுத்தது. ஒரே ரத்தம், பாதிப் பரப்பை நனைத்தால் ஏறக்குறைய பாதி மின்னோட்டமே கிடைக்கும். ஆனால் கருவிக்குத் தெரிந்த பரப்பு ஒன்றே ஒன்றுதான்: தொழிற்சாலையில் அளந்து வைத்த முழுப் பரப்பு. கிடைத்த மின்னோட்டத்தை அந்த முழுப் பரப்புக்கு உரியதாகவே வைத்துக்கொண்டு அது செறிவைக் கணக்கிடுகிறது. ஆகவே, நனையாத பரப்பு முழுவதும் 'சர்க்கரை இல்லாத ரத்தம்' என்று கணக்கில் சேர்கிறது. ஐம்பது வீடுகள் உள்ள தெருவில் முப்பது வீட்டில் மட்டும் தண்டல் செய்து, தொகையை ஐம்பதால் வகுத்து, இந்தத் தெருவில் சராசரியாக இவ்வளவுதான் தருகிறார்கள் என்று முடிவு கட்டுவதைப் போன்றது இது.

பிழை கீழ்நோக்கியே சாய்வதற்குக் காரணம் இதுதான். மின்முனை தன் முழுப் பரப்பைவிட அதிகமாக நனைய வழியே இல்லை. குறைவாக நனைய மட்டுமே வழி உண்டு. வாய்க்கால் நிரம்பிய பிறகு விரலில் எஞ்சும் ரத்தம் உள்ளே போவதில்லை என்பதால், பெரிய துளி எண்ணை உயர்த்துவதில்லை. அது கருவியின் துளையை அழுக்காக்கலாம், அவ்வளவே. சிறிய துளி எண்ணைத் தாழ்த்துகிறது. எதிரெதிர்ப் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்ற ஆறுதல் இங்கே இல்லை.

பட்டைகளில் இன்னொரு வகையும் உண்டு. சில கருவிகள் மின்னோட்டத்தைக் குறித்த ஒரு நொடியில் பார்ப்பதற்குப் பதிலாக, அறையிலுள்ள குளுக்கோஸ் முழுவதும் தரும் மொத்த மின்னூட்டத்தை எண்ணுகின்றன. அதில் பரப்பின் இடத்தைக் கனஅளவு பிடித்துக்கொள்கிறது. பாதி ரத்தம் என்றால் பாதி மின்னூட்டம். எனவே அங்கும் அறை நிரம்பாவிட்டால் கணக்கு தாழ்ந்தே வரும். நிறமாற்றத்தைக் கொண்டு அளக்கும் பட்டைகளிலும் கதை வேறில்லை. சதுரத் திண்டின் மேல் ரத்தத்தை வைத்தால் அது நிறம் மாறுகிறது. கருவி அதன்மேல் ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை அளக்கிறது. நிறம் அடர்ந்தால் சர்க்கரை அதிகம். ரத்தம் படாத இடம் வெளிர்நிறமாகவே இருந்து ஒளியை நிறையத் திருப்பி அனுப்புவதால், அடர்நிறமும் வெளிர்நிறமும் கலந்த சராசரி குறைந்த சர்க்கரையாக வாசிக்கப்படுகிறது.

தேவையான ரத்தம் எவ்வளவு? 1965-இல் ஏம்ஸ் நிறுவனம் கொண்டுவந்த டெக்ஸ்ட்ரோஸ்டிக்ஸ் என்ற பட்டைக்கு 50 முதல் 100 மைக்ரோலிட்டர் வரை வேண்டியிருந்தது. ஒரு நிமிடம் காத்திருந்து, ரத்தத்தை நீரால் கழுவிவிட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். 1987-இல் மின்வேதி முறையில் இயங்கும் எக்ஸாக்டெக் கருவி வந்தது. இன்றைய பட்டைகள் பலவற்றுக்கு 0.3 முதல் 1 மைக்ரோலிட்டர் போதும். ஒரு மைக்ரோலிட்டர் என்பது லிட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. உருண்டையாகத் திரண்டால் அதன் விட்டம் ஒன்றேகால் மில்லிமீட்டர். நம் அடுக்களைக் கணக்கில் சொன்னால் ஒரு கடுகு.

தேவை இவ்வளவு சுருங்கியது வலியைக் குறைத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. ஐம்பது மைக்ரோலிட்டரில் கால் மைக்ரோலிட்டர் குறைந்தால் யாருக்கும் நட்டமில்லை. அரை மைக்ரோலிட்டரில் கால் மைக்ரோலிட்டர் குறைந்தால் பாதி போயிற்று. 'மிகச் சிறிய துளியே போதும்' என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்கும் நாம், எவ்வளவு சிறியதானாலும் போதும் என்று பொருள் கொண்டுவிடுகிறோம்.

சரி, போதாத ரத்தத்தைக் கருவி கண்டுபிடிக்காதா? கண்டுபிடிக்க முயல்கிறது. பிழை அறிவிப்பு பிறப்பது அங்கேதான். பட்டைக்குப் பட்டை உத்தி வேறுபடும். பலவற்றில் வாய்க்காலின் கடைக்கோடியில், அளப்பதற்கன்றிக் காவலுக்காகவே ஒரு மின்முனை வைக்கப்பட்டிருக்கிறது. ரத்தம் அதைத் தொட்டால்தான் அறை நிரம்பியதாகக் கருவி ஏற்றுக்கொள்ளும். குறித்த நேரத்துக்குள் தொடாவிட்டால் திரையில் Er என்றோ E என்றோ எழுத்தும் ஓர் எண்ணும் தோன்றும். வேறு சிலவற்றில் அளக்கும் மின்முனைகளே இரண்டு இருக்கும். இரண்டும் ஒரே ரத்தத்தை அளப்பதால் ஒரே அளவு மின்னோட்டம் தர வேண்டும். முன்னது முழுவதும் நனைந்து பின்னது பாதி மட்டும் நனைந்திருந்தால், இரண்டும் வேறுபடும். வேறுபாடு ஓர் எல்லையைத் தாண்டினால் கருவி எண்ணைக் காட்டாது. இன்னும் சில கருவிகள் மின்னோட்டம் நொடிக்கு நொடி எப்படி இறங்குகிறது என்று கவனிக்கின்றன. அது சீராக இறங்க வேண்டும். நடுவில் துள்ளினால், புதிதாக ரத்தம் வந்து சேர்ந்திருக்கிறது என்று ஐயுற்று அளவீட்டைக் கைவிடுகின்றன.

'ஓர் எல்லையைத் தாண்டினால்' என்ற சொற்றொடரை வாசகர் மனத்தில் இருத்த வேண்டும். எல்லையை மிக நெருக்கமாக வைத்தால் நல்ல துளிகளும் தள்ளுபடியாகும். வாங்குபவர் அந்தக் கருவியை வெறுத்துவிடுவார். சற்றுத் தளர்த்தி வைத்தால், சிறிய குறைபாடுள்ள துளிகள் தப்பிச் சென்றுவிடும். எனவே எந்தக் கருவியிலும், பிழை என்று சொல்லும் அளவுக்கு மோசமாக இல்லாத, ஆனால் எண்ணைத் தாழ்த்தும் அளவுக்கு மோசமான ஓர் இடைநிலை இருக்கவே செய்யும். பழைய கருவிகளிலும், தொடக்கத்தை மட்டும் உணர்ந்து முடிவைச் சரிபார்க்காத மலிவான பட்டைகளிலும் அந்த இடைநிலை அகலமானது. கடைக்கோடிக் காவல் உள்ளவற்றில் அது குறுகலானது.

கணக்கெடுப்பு வேலையில் எங்களுக்கு இது பழகிய வேறுபாடு. வருமானத்தைச் சொல்ல மறுக்கும் குடும்பம் ஒரு வெற்றிடத்தைத் தருகிறது. அந்த வெற்றிடம் கண்ணுக்குத் தெரியும், மீண்டும் ஒருமுறை கதவைத் தட்டலாம். வருமானத்தைக் குறைத்துச் சொல்லும் குடும்பமோ ஓர் எண்ணைத் தருகிறது. அது மற்ற எண்களோடு கலந்துவிடும். எவரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பிழை அறிவிப்பு, மறுத்த குடும்பம். பொய்யான குறைந்த எண், குறைத்துச் சொன்ன குடும்பம்.

சிறிய துளியைவிடத் தீற்றிய துளி கூடுதல் தொல்லை தருவது. விரலில் ரத்தம் உருண்டு திரளாமல் படர்ந்துவிடும்போது, அது ரேகைகளின் பள்ளங்களில் மெல்லிய படலமாக ஓடிக் கிடக்கிறது. பட்டையின் வாய் அந்தப் படலத்தைத் தொடும்போது, தொடர்ச்சியான ரத்தம் அங்கே இல்லை. சிறிது ரத்தம், சிறிது காற்று, மறுபடி சிறிது ரத்தம் என்றே உள்ளே போகிறது. வாய்க்காலுக்குள் அகப்பட்ட காற்றுக்குமிழி மின்முனையின் மேல் அமர்ந்தால், அந்த இடம் நனையாத இடமே. இங்கே ஒரு நுட்பம் உண்டு: ரத்தம் குமிழியைச் சுற்றிக்கொண்டு கடைக்கோடிக் காவலைத் தொட்டுவிடக்கூடும். அப்போது அறை நிரம்பியதாகக் கருவி நம்பிவிடும். நடுவிலுள்ள ஓட்டை அதற்குத் தெரியாது. தீற்றிய துளி பிழை அறிவிப்பைத் தாண்டிவிட வாய்ப்பு ஏற்படுவது இப்படித்தான்.

ரத்தம் வரவில்லையே என்று பட்டையின் முனையை விரலில் அழுத்தித் தேய்ப்பவர்களும் உண்டு. அழுத்தினால் சதை வாய்க்காலின் வாயை அடைத்துக்கொள்கிறது. உள்ளே போக வேண்டியது போகாது. தேய்த்தால் ரத்தம் பட்டையின் மேற்புறத்திலும் பக்கவாட்டிலும் பூசிக்கொள்கிறது. அது அறைக்கு வெளியே இருக்கும் ரத்தம், கணக்குக்கு உதவாது. மேற்புறத்திலுள்ள காற்றுத் திறப்பை அந்தப் பூச்சோ விரலோ மூடிவிட்டால், உள்ளிருக்கும் காற்று வெளியேற முடியாமல் ரத்தத்தின் ஏற்றமே நின்றுபோகும். நிறமாற்றப் பட்டையிலும் துளியைத் திண்டின் மேல் தொட்டு வைக்க வேண்டுமே அன்றி, சந்தனம் போல் பூசக் கூடாது. பூசினால் ஓரிடம் அடர்ந்தும் ஓரிடம் திட்டாகவும் நிறம் பிடிக்கும்.

ஈர விரல் இதனோடு சேரும் இன்னொரு காரணம். கையைக் கழுவிவிட்டுத் துடைக்காமலோ, மருந்து நனைத்த பஞ்சால் துடைத்து அது உலரும் முன்போ குத்தினால், துளி திரளாது. ஈரத்தில் படர்ந்து ஓடும். அதோடு அந்த ஈரம் ரத்தத்தை நீர்க்கச் செய்யும். படர்தலும் நீர்த்தலும் எண்ணை ஒரே திசையில் இழுக்கின்றன. விரல் நுனியை அழுத்திப் பிதுக்குவதும் நல்லதன்று. திசுக்களில் உள்ள நீர் ரத்தத்தோடு கலந்துவிடும்.

எனக்குத் தெரிந்த ஒருவரின் நிலையைச் சொன்னால் இவை எல்லாம் எப்படி ஒன்றுசேர்கின்றன என்பது விளங்கும். அவர் என் அடுத்த தெருவில் வசிக்கும் நண்பர், வயது எழுபத்திரண்டு, இரவில் இன்சுலின் போட்டுக்கொள்பவர். சென்ற மார்கழியில் அவருடைய குறிப்பேட்டில் காலை வெறும் வயிற்று அளவுகள் வரிசையாக இறங்கின. 71, 78, 66, 74. எழுபதுக்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை என்று அவருடைய மருத்துவர் சொல்லியிருந்தார். எனவே 66 கண்ட அன்று சர்க்கரை போட்ட காபியைக் குடித்தார். அன்றிரவு முதல் தானாகவே இன்சுலினில் இரண்டு அலகைக் குறைத்தார். ஆனால் வியர்வை, கைநடுக்கம், படபடப்பு எதுவும் அவருக்கு இல்லை. அது எனக்கு உறுத்தியது. அடுத்த வாரம் மருத்துவர் கேட்டிருந்த பரிசோதனைக்காக ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்தார். அன்று காலை வீட்டில் 76. அரை மணி நேரத்துக்குள் எடுத்த ஆய்வக அளவு 131.

மறுநாள் விடியற்காலையில் அவர் வீட்டுக்குச் சென்று, அவர் அளப்பதை உடனிருந்து பார்த்தேன். குழாயின் குளிர்ந்த நீரில் கையைக் கழுவினார். வேட்டியில் லேசாக ஒற்றினார். ஆட்காட்டி விரலின் நடுச்சதையில், ஊசியின் ஆழத்தை மிகக் குறைவாக வைத்துக் குத்தினார். புள்ளி போல ரத்தம் எட்டிப் பார்த்தது. பட்டையை வைத்தார்; கருவி அசையவில்லை. விரலைப் பிதுக்கினார், ஈரத்தில் ரத்தம் படர்ந்தது. பட்டையின் முனையால் அதை வழித்தெடுத்தார். கருவி நொடிகளை எண்ணத் தொடங்கியது. 79.

பட்டையை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தோம். சிவப்பு நிறைந்திருக்க வேண்டிய சிறு சாளரத்தில், பாதியைச் சற்றே தாண்டிச் சிவப்பு. எஞ்சிய இடம் வெளிறிக் கிடந்தது. அவருடைய கருவி பழையது; ரத்தம் முதல் மின்முனைகளைத் தொட்டதை உணருமே தவிர, அறை நிரம்பியதா என்று பார்க்காது. அதனால்தான் பிழை அறிவிப்பு வரவில்லை.

பிறகு வெதுவெதுப்பான நீரில் கையைக் கழுவி, துண்டால் நன்றாகத் துடைத்து, ஒரு நிமிடம் கையைத் தொங்கவிடச் சொன்னேன். ஊசியின் ஆழத்தை ஒரு படி கூட்டி, மோதிர விரலின் பக்கவாட்டில் குத்தினார். சில நொடி பொறுத்து, உள்ளங்கையிலிருந்து விரல் நுனி நோக்கி மெதுவாக நீவியதும், கடுகைவிடச் சற்றுப் பெரிதாகத் துளி திரண்டது. புதிய பட்டையின் வாயைத் துளியின் விளிம்பில் தொட்டார்; சதையைத் தொடவில்லை. ரத்தம் ஒரே இழுப்பில் உள்ளே ஏறிச் சாளரம் முழுதும் சிவந்தது. 127.

ஏழெட்டு நிமிட இடைவெளியில் 79-உம் 127-உம். முதல் எண் இரண்டாவதில் நூற்றுக்கு 62 பங்கு. சாளரத்தில் கண்ட சிவப்பும் ஏறக்குறைய அதே அளவு. இந்தப் பொருத்தம் துல்லியமானது என்று நான் வாதிட மாட்டேன். நீர்த்தலும் அதில் கலந்திருக்கும். ஆனால் இவ்வளவு வேறுபாட்டைக் கருவியின் இயல்பான தடுமாற்றம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஐ.எஸ்.ஓ. 15197 என்ற பன்னாட்டுத் தரம், சர்க்கரை 100-உம் அதற்கு மேலும் இருக்கையில், நூற்றில் 95 அளவீடுகளாவது ஆய்வக அளவிலிருந்து நூற்றுக்கு 15 பங்குக்குள் இருக்க வேண்டும் என்கிறது. உண்மை அளவு 127 என்றால், 108-க்கும் 146-க்கும் இடையில் எது வந்தாலும் கருவியைக் குறை சொல்ல இயலாது. 79 அந்த வேலிக்கு வெகுதூரம் வெளியே நிற்கிறது. அடுத்தடுத்து அளந்து 127-உம் 118-உம் வந்தால் கவலைப்பட எதுவுமில்லை என்பதையும் இதிலிருந்தே அறியலாம்.

நண்பரின் நட்டக் கணக்கில் ஒரு பட்டையின் விலை மிகச் சிறியது. இல்லாத தாழ்சர்க்கரைக்காகச் சர்க்கரை உண்டார். தேவையான இன்சுலினைக் குறைத்தார். இரண்டும் சேர்ந்து பகல் நேரச் சர்க்கரையை உயர்த்தின. அதை அவர் அளக்கவே இல்லை, ஏனென்றால் காலை எண்கள் நன்றாக இருந்தன. மருத்துவர் இரண்டு அளவுகளையும் பார்த்துவிட்டுப் பழைய இன்சுலின் அளவுக்கே அவரைத் திருப்பினார்.

பட்டையின் விலை என்றதும், பலர் செய்யும் இன்னொரு காரியம் நினைவுக்கு வருகிறது. துளி போதாது என்று தெரிந்ததும், அதே பட்டையில் மறுதுளி வைத்துப் பார்ப்பது. காசு கொடுத்து வாங்கிய ஒரு பொருளை வீசியெறிய மனம் வராதது இயல்பே. பொருளியலில் இதை மூழ்கிய செலவு என்போம். போன காசை மீட்க எண்ணி மேலும் இழப்பது. சில பட்டைகள் மறுதுளியை அனுமதிக்கின்றன; எத்தனை நொடிக்குள் என்பதை அவற்றின் தாளில் குறித்திருக்கிறார்கள். அப்படிக் குறித்திருந்தால் தாராளமாகச் செய்யலாம். குறிக்காத பட்டைகளில் செய்யக் கூடாது. காரணம், முதல் துளி தொட்ட கணத்திலிருந்தே கருவியின் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. முதலில் நனைந்த பகுதியில் வேதிவினை பாதி நடந்து முடிந்திருக்கும். பிறகு நனைந்த பகுதியில் அப்போதுதான் தொடங்கும். இரண்டு வெவ்வேறு வயதுள்ள வினைகளைக் கருவி ஒன்றெனக் கொண்டு அளக்கிறது. விளைவு தாழவும் செய்யலாம், உயரவும் செய்யலாம். எதற்கும் உறுதி இல்லை.

பிழை அறிவிப்புகள் எல்லாமே துளியால் வருவன அல்ல. டப்பாவை மூடாமல் விட்டு ஈரம் ஏறிய பட்டை, ஒருமுறை பயன்படுத்திய பட்டை, கருவி ஏற்காத வெப்பநிலை ஆகியவையும் காரணமாகலாம். குறியீட்டு எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், தன்னிடமுள்ள கருவியின் கையேட்டில் 'ரத்தம் போதவில்லை' என்பதற்கு உரிய எண் எது என்று பார்த்து, டப்பாவின் மேல் எழுதி ஒட்டிவிடுவது எளிது. அதே போல், குறைந்த எண் எல்லாம் பொய்யும் அல்ல. சிவப்பணுக்களின் விகிதம் மிகுந்தவர்களுக்குத் துளி சரியாக இருந்தாலும் சில கருவிகள் குறைத்தே காட்டும். ரத்தசோகை உள்ளவர்களுக்குக் கூட்டிக் காட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இன்சுலினோ, சர்க்கரையை வேகமாகத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவருக்கு எழுபதுக்குக் கீழே எண் வந்து, வியர்வையோ நடுக்கமோ குழப்பமோ கூடவே இருந்தால், துளியைப் பற்றி ஆராய நேரமில்லை. முதலில் 15 கிராம் அளவு குளுக்கோஸோ சர்க்கரையோ உட்கொள்ள வேண்டும். கால் மணி நேரம் கழித்து மீண்டும் அளக்கலாம். அறிகுறி எதுவும் இல்லாதபோதுதான் உடனே கையைத் துடைத்து, புதிய பட்டையில் நல்ல துளியோடு மறுபடி பார்க்க வேண்டும். மறுபடி பார்க்க வசதி இல்லையென்றால், குறைந்த எண்ணை உண்மை என்றே கொள்வதுதான் பாதுகாப்பு.

ஒரு நாளின் பொய்யை இப்படிப் பிடிக்கலாம். பல மாதங்களாக நடக்கும் பொய்யைப் பிடிக்க வேறொரு வழி இருக்கிறது. மூன்று மாதச் சராசரியைக் குறிக்கும் எச்.பி.ஏ.1சி. பரிசோதனை விரல் துளியை நம்பியதன்று. அதன் அளவை 28.7-ஆல் பெருக்கி 46.7-ஐக் கழித்தால், அதற்கு உரிய சராசரி ரத்தச் சர்க்கரை கிடைக்கும். எச்.பி.ஏ.1சி. 7 என்றால் 154. 8 என்றால் 183. கருவியின் நினைவகத்தில் உள்ள தொண்ணூறு நாள் சராசரியை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். காலையில் மட்டும் அளப்பவருக்குக் கருவியின் சராசரி சற்றுக் குறைவாகவே இருக்கும். உணவுக்குப் பிந்தைய ஏற்றங்கள் அதில் சேரவில்லை. ஆனால் உணவுக்கு முன்னும் பின்னும் அளந்தும், கருவி 130 என்று சொல்ல எச்.பி.ஏ.1சி. 183 என்று சொன்னால், இரண்டில் ஒன்று தவறு. ரத்தசோகை போன்றவை எச்.பி.ஏ.1சி. அளவையும் பிறழச் செய்யும் என்பதால், அதை மருத்துவரிடம் கேட்டுத் தெளிய வேண்டும். அவரிடம் போகும்போது குறிப்பேட்டோடு, கருவியையும் பட்டைகளையும் எடுத்துச் சென்று, அவர் முன்னிலையிலேயே ஒருமுறை விரலைக் குத்திக் காட்டுவது நல்லது. என் நண்பர் இப்போது குறிப்பேட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வரைந்திருக்கிறார். சாளரம் முழுதும் சிவந்ததா என்பதற்கு அதில் ஒரு குறி போடுகிறார். குறி இல்லாத எண்களை மருத்துவர் கணக்கில் எடுப்பதில்லை.